சிறுகதை: "சுண்டுவிரல்" – டீக்கடைப் பையன் டைப்ரைட்டிங் கற்கிற கதை, எங்கே இடிக்கிறது?

கரிசல்_மண்

நண்பர்களே, ஒரு கதை எழுதியிருக்கிறேன். 1994-இல் நடக்கிறது. எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கீழே டீக்கடையும் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் இருந்த ஒரு கட்டடம்தான் களம். நான் டைப்ரைட்டிங் கற்றதில்லை, சத்தம் மட்டும் கேட்டு வளர்ந்தவன். படித்துவிட்டு எங்கே பொய்யாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

*சுண்டுவிரல்*

*காலை ஏழு மணிக்கு மாடிக்கு ஆறு டீ. கம்பி ஸ்டாண்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சேகர் படியேறும்போதே சத்தம் தொடங்கிவிடும். பதினைந்து மெஷின்கள் ஒரே நேரத்தில் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல. பத்தாவது முடித்து இரண்டு வருடமாக அவன் கேட்கிற மழை.*

*"மேடம், நான் சேரலாமா?"*

*அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே அவன் கையைப் பார்த்தார். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். "எப்ப வருவே?"*

*"மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு. அப்ப கடையில கூட்டம் இருக்காது."*

*"மொதலாளி விடுவாரா?"*

*"கேக்கல."*

*மறுநாள் கேட்டான். முதலாளி பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "மூணு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆச்சுன்னா சம்பளத்துல பிடிப்பேன்" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.*

*முதல் நாள் மேடம் ஒரு வரியைக் கொடுத்தார்.*

```
asdfgf ;lkjhj
```

*இதையே பக்கம் முழுக்க அடி, கீழே பார்க்காதே. அவ்வளவுதான். சேகர் அடித்தான். ஒரு வாரம் அதையே அடித்தான். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் அடித்தான். படுக்கையில் நெஞ்சின்மேல் அடித்தான். பகலில் டீ ஆற்றும்போது அவன் கைகளில் ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளம் மெல்ல மெல்ல மெஷினுக்கு மாறியது. இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், அவன் விரல்கள் தாமாகப் பறந்தன. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவன் பின்னால் நின்றார். "லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டிடு" என்றார்.*

*கீழேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது. மணி மூன்று.*

---

நிலா_வாசகி

மழைச் சத்தம் நன்றாக இருக்கிறது. "கேக்கல" என்ற ஒற்றைச் சொல் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் "விரல்கள் தாமாகப் பறந்தன" என்று வந்ததுமே கதை கையை விட்டுப் போய்விட்டது. அதுவரை ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே சினிமாப் பாட்டு நடுவில் வந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது? அதுதானே கதை?

அப்புறம் தலைப்பு சுண்டுவிரல் என்கிறது, கதைக்குள் சுண்டுவிரலே வரவில்லை.

---

குரூப்4_கனவு

சார் இங்கிலீஷ் லோயர் முடிச்சிட்டு நேரா தமிழ் ஹையர் எழுதலாமா? அடுத்த தேர்வு ஆகஸ்ட்தானே?

---

கரிசல்_மண்

தம்பி, இது கதை பற்றிய இழை. தேர்வு பற்றி எனக்குத் தெரியாது.

நிலா, தலைப்பு முதலில் வந்துவிட்டது. எங்கோ கேட்டது, டைப்ரைட்டிங்கில் சுண்டுவிரல்தான் கஷ்டம் என்று. அதை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

---

ரிப்பன்_டீச்சர்

வணக்கம். நான் 22 வருடம் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள். இப்போது மூடிவிட்டேன், மூன்று மெஷின் மட்டும் வீட்டில் இருக்கிறது. கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, சுண்டுவிரலை நீங்கள் தேட வேண்டியதே இல்லை. அந்தப் பையன் முதல் நாள் அடித்த தாளிலேயே அது இருக்கிறது. நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் லேசாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் எழுத்து ஒரே மாதிரிதான் வரும். பழைய மெஷினில் அப்படி இல்லை. விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு பலத்தோடு அந்த அச்சு ரிப்பனில் மோதும். அதனால் புதிதாகச் சேர்ந்தவர் அடித்த தாளைக் கையில் எடுத்தால், ஆளைப் பார்க்காமலேயே எந்த விரல் சோப்ளாங்கி என்று சொல்லிவிடலாம். f கருகருவென்று இருக்கும், அது ஆள்காட்டி விரல். d பரவாயில்லை. s கொஞ்சம் மங்கும். a இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டியிருக்கும், அது இடது சுண்டுவிரல். வலது பக்கத்தில் அரைப்புள்ளியும் அப்படித்தான்.

நான் எந்தப் பிள்ளையிடமும் "நன்றாக அடிக்கிறாய், மோசமாக அடிக்கிறாய்" என்று சொன்னதில்லை. தாளை வாங்கி a-க்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். முதல் வாரம் தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்று, இரண்டு மாதத்தில் லோயர் வேகம் வராது. ஒழுங்காகத் தினம் ஒரு மணி நேரம் வருகிறவர்களுக்கே ஆறு மாதம் ஆகும். உங்கள் பையனுக்கு முகூர்த்த நாள், சந்தை நாள், திருவிழா என்று வாரத்துக்கு இரண்டு நாளாவது தப்பும். ஒன்பது மாதம் என்று வையுங்கள்.

---

மதுரைக்காரன்77

டீச்சர் சொல்வதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். டீக்கடைப் பையனுக்குச் சுண்டுவிரல் பலமாகத்தான் இருக்கும். ஒரு கையில் அஞ்சு கிளாஸ் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் முட்டுக் கொடுப்பதே சுண்டுவிரல்தான். டீ ஆற்றுகிற தாளமும் சேர்ந்தால் மற்றவர்களைவிட அவன் சீக்கிரமே கற்றுக்கொள்வான். எழுத்தாளர் எழுதியது சரி.

---

சுக்குக்காப்பி

நான் பதினோரு வருடம் டீக்கடையில் இருந்தவன். முதலில் கிளாஸ் கழுவினேன், அப்புறம் சப்ளை, அப்புறம்தான் மாஸ்டர். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். மாடிக்கு டீ கொண்டுபோகிற பையன் டீ ஆற்ற மாட்டான். பாய்லர் பக்கத்தில் நிற்பது மாஸ்டர் மட்டும்தான், அவர் அந்த இடத்தை யாருக்கும் லேசில் தரமாட்டார். சப்ளைப் பையன் கிளாஸ் கழுவுவான், டேபிள் துடைப்பான், பால் வாங்கப் போவான். எனவே அந்தத் "தாளம்" அவனிடம் வர வழியே இல்லை.

அப்படியே ஆற்றினாலும், அது தோளும் முழங்கையும் செய்கிற வேலை. விரல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும்.

மதுரை அண்ணே, கிளாஸ் தூக்குகிற சுண்டுவிரலுக்குப் பலம் உண்டு, உண்மைதான். ஆனால் அது மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கிப் பிடித்துக்கொள்கிற பலம். நான் இப்போது மேசைமேல் கையை வைத்து, மற்ற விரல்களைத் தூக்காமல் சுண்டுவிரலை மட்டும் தூக்கித் தட்டிப் பார்த்தேன். மோதிர விரலும் கூடவே எழுகிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

கதையில் அந்த வெளுத்த விரல்கள் சரி. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போனது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல் நுனி உணர்ச்சியில்லாமல் இருக்கும். கண்ணாடி கீறியது கூடச் சோப்புத் தண்ணீர் எரியும்போதுதான் தெரியும்.

---

ரிப்பன்_டீச்சர்

சுக்குக்காப்பி தம்பி சரியாகப் பிடித்தார். அந்தச் சோதனைதான் எல்லாமே. சுண்டுவிரல் தனியாக இறங்கவேண்டும், இறங்கிய வேகத்தில் திரும்பி எழவேண்டும். மோதிர விரல் கூடவே வந்தால் a அடிக்கும்போது s-ம் பாதி எழும்பும். இரண்டு அச்சும் நடுவில் மோதிச் சிக்கிக்கொள்ளும். அதைக் கையால் பிரித்துவிட்டு விரலெல்லாம் மை. பிடிக்கிற பலம் இதற்கு உதவாது. சொல்லப்போனால் தடையாகக்கூட இருக்கும், கை இறுகிப்போயிருக்கும்.

உணர்ச்சியில்லாத விரல் நுனி பற்றிச் சொன்னது எனக்கே புதிது. கண்ணால் பார்க்காமல் அடிப்பவருக்கு விரல் நுனிதான் கண். கை முழுக்கக் காய்ந்த பிறகுதான் அவன் உட்காரவேண்டும். இரண்டு மணிக்கு வந்தால் பத்து நிமிடம் அதிலேயே போகும்.

---

தையல்_தாமரை

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டே லோயர் முடித்தேன். எங்கள் வீட்டில் மெஷின் ஏது? அட்டையில் கட்டம் போட்டு எழுத்துகளை எழுதி அதில் அடிப்பேன். சேகர் தட்டு விளிம்பில் அடிக்கிறான் என்று படித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அட்டைதான் எனக்குக் கைகொடுத்தது. தயவுசெய்து அந்த வரியை எடுக்காதீர்கள்.

---

ரிப்பன்_டீச்சர்

தாமரை, அட்டையை நானும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத்து எங்கே இருக்கிறது என்று மனதில் பதிய அது உதவும். ஆனால் அட்டை இறங்காது, எழாது. அதிலேயே நிறைய நேரம் பழகி வருகிற பிள்ளை மெஷினில் தடவுவாள். இடம் தப்பாது, எழுத்து விழாது. உனக்கு அப்படி ஆகவில்லையா?

---

தையல்_தாமரை

ஆச்சு டீச்சர். எங்க மாஸ்டர் "என்ன, வெண்ணெய் தடவுறியா"ன்னு திட்டுவார். மறந்தே போயிருந்தேன்.

---

கரிசல்_மண்

இது நான் எதிர்பார்க்காத அளவுக்குப் போகிறது. ஒரு கேள்வி. நடுவில் அவன் தேங்கி நிற்கிற ஒரு காலம் வேண்டும். பல வாரம் வேகம் ஏறாமல் இருக்கவேண்டும். அது உண்மையில் எப்படி இருக்கும்? எதனால்?

---

மதுரைக்காரன்77

அது எனக்குத் தெரியும், என் அண்ணன் பாடுபடும்போது பார்த்திருக்கிறேன். எல்லாம் தாள் சுற்றியிருக்கிற கேரேஜைத் தள்ளுவதில்தான். பெல் அடித்ததும் ஒரே தள்ளு, கை உடனே திரும்பி வரவேண்டும். அதைச் சரிசெய்தால் வேகம் தானாக வரும்.

---

ரிப்பன்_டீச்சர்

பாதி சரி. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் கணக்கையே சொல்கிறேன். மளிகைக் கடையில் வேலை செய்தவன், பெயர் வேண்டாம்.

லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு, ஆக பத்து நிமிடத்தில் 1500 தட்டு. அவன் ஆறு வாரமாக 1080-இலேயே நின்றான். ஒருநாள் ஏறும், மறுநாள் இறங்கும். நிமிடத்துக்கு 22 வார்த்தைகூட வரவில்லை. விரலில் குறை இல்லை, a கூடக் கருப்பாகத்தான் விழுந்தது. நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். டக்டக்டக்டக், சின்ன அமைதி, டக்டக்டக், சின்ன அமைதி.

முதலில் மதுரைத் தம்பி சொன்னது. வரிக்கு 60 தட்டு, அப்படியென்றால் 18 வரி. ஒவ்வொரு வரி முடிந்ததும் கேரேஜைத் தள்ளி, படிக்கிற தாளில் விட்ட இடத்தைத் தேடி, மறுபடி தொடங்க அவனுக்கு நான்கு நொடி ஆனது. ஒன்றரை நொடியாகக் குறைத்தோம். மொத்தத்தில் 45 நொடி மிச்சம். நொடிக்கு இரண்டு தட்டு அடிக்கிறவனுக்கு அது 90 தட்டு. அதாவது நிமிடத்துக்கு இரண்டு வார்த்தைகூட முழுதாக இல்லை. இருபத்திரண்டு இருபத்து மூன்றரையாகும், முப்பதாகாது.

மீதி எங்கே போனது? அந்தச் சின்ன அமைதியில். ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் சரியாக விழுந்ததா என்று கண்ணைத் திருப்பி மெஷினில் இருக்கிற தாளைப் பார்த்தான். அரை நொடிதான். ஆனால் பத்து நிமிடத்தில் சுமார் இருநூறு முறை. நூறு நொடி போச்சு. அது நிமிடத்துக்கு நான்கு வார்த்தை.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அடிக்கிற வரி தெரியாதபடி மறைத்து வைத்தேன். முதல் நாள் தவித்துப் போனான், வேகம் இன்னும் குறைந்தது. பிழை எகிறியது. இரண்டு வாரம் அப்படியே. நின்றுவிடுவானோ என்று எனக்கே பயம். மூன்றாவது வாரம் 1200 தாண்டினான். விரல் அடித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வார்த்தையைப் படிக்கத் தொடங்கியிருந்தது. கடைசி இரண்டு வார்த்தைதான் விரலில் இருந்து வந்தது, அதற்கு இன்னும் இரண்டு மாதம்.

---

நிலா_வாசகி

தான் சரியாகச் செய்தோமா என்று திரும்பிப் பார்க்கிற அரை நொடி! கரிசல், சேகர் ஏன் திரும்பிப் பார்க்கிறான் என்று யோசியுங்கள். கடையில் ஒரு கிளாஸ் உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளியிடம் வேலை செய்கிறவன். அவன் எதையும் ஒருமுறை சரிபார்த்துத்தான் வைப்பான்.

---

சுக்குக்காப்பி

ஆமாங்க. கிளாஸை அடுக்கிவிட்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

---

யாழ்_விசை

வணக்கம். கதை ஏன் ஆங்கில மெஷினில் நடக்கிறது என்று கேட்கலாமா? பத்தாவது படித்த டீக்கடைப் பையன் தமிழில்தானே தொடங்குவான்? `asdfgf` எங்கே, யளனகப எங்கே! தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த ஆர். முத்தையா எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம், கொஞ்சம் அதனாலும்தான்.

தமிழில் இன்னொரு அழகு உண்டு. புள்ளியும் இகரக் குறியும் நகரா விசைகள். அவற்றை அடித்தால் கேரேஜ் நகராது, அதன் மேலேயே அடுத்த எழுத்து வந்து விழும். "க்" அடிக்க முதலில் புள்ளி, பிறகு க. நாம் எழுதுகிற வரிசைக்குத் தலைகீழ். கதைக்கு அது நல்ல இடமாக அமையும்.

---

கரிசல்_மண்

எங்கள் ஊர் மாடியில் அந்தக் காலத்தில் பதினைந்தில் மூன்றுதான் தமிழ் மெஷின், எப்போதும் வரிசை நிற்கும் என்று அம்மா சொல்வார். இரண்டு முதல் மூன்று மணிக்கு எது காலியோ அதில்தான் உட்கார முடியும். ஆனால் நீங்கள் சொன்னது மனதை அரிக்கிறது. புள்ளியை முதலில் அடிப்பது!

---

ரிப்பன்_டீச்சர்

இரண்டும் நடக்கும். என்னிடம் முதலில் ஆங்கிலம் கற்றுப் பிறகு தமிழுக்கு வந்தவர்களே அதிகம். விரல் ஒன்றுதான், வரைபடம்தான் வேறு. முதலிலேயே தமிழ் கற்றால் நல்லது என்று வாதிடுகிற ஆசிரியர்களும் உண்டு, அவர்களோடு நான் சண்டை போட்டதும் உண்டு. இதை இங்கே முடிக்க முடியாது.

---

குரூப்4_கனவு

டீச்சர் அப்ப நான் எதை முதல்ல படிக்கட்டும்?

---

ரிப்பன்_டீச்சர்

உன் தெருவில் எந்த மெஷின் ஒழிவாக இருக்கிறதோ அதை. ஹையர் பற்றி இப்போது யோசிக்காதே. லோயரை முடி, பிறகு கேள்.

---

கரிசல்_மண்

மூன்று நாள் எடுத்துக்கொண்டு திருத்தினேன். டீ ஆற்றுவதை எடுத்துவிட்டேன். பறக்கிற விரல்களையும் எடுத்துவிட்டேன். தட்டு விளிம்பு இருக்கிறது, ஆனால் மேடம் அவனைப் பார்த்து "வெண்ணெய் தடவாதே" என்கிறார் (தாமரை, மன்னிக்கவும், திருடிக்கொண்டேன்). தேங்கி நிற்கிற பகுதியில் காலண்டர் அட்டை வந்திருக்கிறது. முடிவு மட்டும் இங்கே:

*பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். கையைச் சட்டையில் துடைத்து, மின்விசிறிக்கு நேரே நீட்டிக் காயவைத்துவிட்டு உட்கார்ந்தான். கை சூடேறட்டும் என்று முதலில் பழைய வரியையே அடிப்பது அவன் வழக்கம். இரண்டு வரி அடித்தான். தாளை உருவி மேடத்திடம் நீட்டினான்.*

*அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். a கருப்பாக இருந்தது. பேனாவை மூடி, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.*

*"இன்னைக்கு டீ ரொம்பத் தண்ணி" என்றார்.*

*"மாஸ்டர்கிட்ட சொல்றேன் மேடம்."*

---

மதுரைக்காரன்77

பரீட்சை பாஸ் பண்ணினானா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? ஒன்பது மாதம் அவனோடு ஏறி இறங்கியிருக்கிறோம்.

---

நிலா_வாசகி

வேண்டாம் அண்ணா. இங்கேயே நிற்கட்டும்.

---

மதுரைக்காரன்77

உங்களுக்கென்ன, எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

---

ரிப்பன்_டீச்சர்

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஒரே ஒரு சந்தேகம். பொங்கல் விடுமுறை முடிந்து திறக்கும்போது நாங்கள் எல்லா மெஷினுக்கும் புது ரிப்பன் போடுவோம். புது ரிப்பனில் எந்த நோஞ்சான் விரல் அடித்தாலும் கருப்பாகத்தான் விழும். a கருப்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நான் பேனாவை மூடமாட்டேன். அதே வரியில் f எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன்.

---

கரிசல்_மண்

"a கருப்பாக இருந்தது" என்பதை "a-க்கும் f-க்கும் வித்தியாசம் தெரியவில்லை" என்று மாற்றிவிட்டேன் டீச்சர்.

---

ரிப்பன்_டீச்சர்

அப்போது மூடலாம்.